சம்பளம் கேட்டு ஒரு கடிதம்

சிங்கப்பூரில் ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஜூன் சம்பளம் வராத தொழிலாளி இப்படி எழுதலாம்:

‘ஐயா, ஜூன் சம்பளம் 900 வெள்ளி ஜூலை 7ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. என்றைக்குத் தருவீர்கள் என்பதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

வீட்டுக் கஷ்டத்தை இதில் விவரிக்க வேண்டாம். உழைத்த கூலி உதவியாகிவிடும். தமிழில் எழுதித் தெளிந்த பிறகு, அதே தொகையும் தேதியும் மாறாமல் ஆங்கிலத்தில் எழுதி, இரண்டையும் ஒரே தாளில் கொடுத்துவிட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருப்பதில்தான் ஆபத்து. வேலையில் இருப்பவர் சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிடலாம். வேலையை விட்டவருக்கோ கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான்.