‘ஜாடை’ புரியாத வெளிநாட்டு சகா: முகம் சுளிக்காமல், தெளிவாகக் கேட்பது எப்படி?

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் டீம் லீடாக இருக்கிறார் காவ்யா என்று வைத்துக்கொள்வோம். அதே புராஜெக்ட்டில் ஆம்ஸ்டர்டாமில் இருந்து வேலை பார்க்கும் டெவலப்பர் யான். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ். பேமென்ட் பகுதியைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கான டெஸ்ட் அக்கவுன்ட் அனுமதியை யான்தான் தர வேண்டும்.

செவ்வாய் காலை காவ்யா ஒரு மெசேஜ் அனுப்புகிறார். “ஹாய் யான், நலமா? எங்க டீம் டெஸ்டிங் ஆரம்பிச்சாச்சு. பேமென்ட் பகுதிக்கு மட்டும் இன்னும் அனுமதி வரல. வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருக்கு. சும்மா தகவலுக்காகச் சொல்றேன்.” ஆங்கிலத்தில் அனுப்பப்பட்ட அந்த மெசேஜின் சாரம் இதுதான்.

யான் கட்டைவிரல் எமோஜி போடுகிறார். புதன் போகிறது, வியாழன் மதியமும் ஆகிறது. அனுமதி வரவில்லை. ‘இவ்வளவு சொல்லியும் கண்டுக்கவே இல்லையே’ என்று காவ்யாவுக்குக் கோபம். கடைசியில் போனில் கேட்டால் யான் உண்மையிலேயே குழம்புகிறார்: “நீங்க என்கிட்ட எதுவும் கேட்கவே இல்லையே?”

இருவரில் யார் மீதும் தப்பில்லை. காவ்யா கேட்டார். ஆனால், யானின் காதில் அது கேள்வியாக விழவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது?

பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்து “அண்ணே, நீங்க அந்தப் பக்கமாவா போறீங்க?” என்று கேட்டால், “ஏறிக்கப்பா” என்பார். வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது இருவருக்கும் தெரியும். முடியாது என்றால் “இல்லப்பா, கொஞ்சம் வேற வேலை” என்று சொல்லிவிடலாம். கேட்டவருக்கும் அவமானம் இல்லை, மறுத்தவருக்கும் சங்கடம் இல்லை. ஜாடையாகக் கேட்பதன் பயன் இதுதான்.

இப்படி, சொல்லாததையும் சூழலை வைத்துப் புரிந்துகொள்ளும் சமூகங்களையும், சொன்ன சொல்லை மட்டுமே செய்தியாக எடுத்துக்கொள்ளும் சமூகங்களையும் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால். 1976-ல் வெளியான ‘பியாண்ட் கல்ச்சர்’ நூலில் இதை ‘ஹை கான்டெக்ஸ்ட்’, ‘லோ கான்டெக்ஸ்ட்’ என்று அழைத்தார். நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளின் அலுவலகப் பேச்சு பெரும்பாலும் இரண்டாவது வகை. அங்கே ‘தகவலுக்காகச் சொல்றேன்’ என்றால் அது தகவல் மட்டுமே. அதற்குள் ஒரு வேண்டுகோள் இருக்கும் என்று தேடுவது அவர்கள் வழக்கமில்லை.

நேரடியாகக் கேட்டால் மரியாதைக் குறைவா?

பலரும் தயங்குவது இங்கேதான். ‘இதைச் செய்’ என்று உத்தரவு போடுவது அல்லது ஜாடையாகச் சொல்வது என்ற இரண்டு வழிகள்தான் இருக்கின்றன என்று நினைக்கிறார்கள். நடுவில் இன்னும் வழிகள் உண்டு.

பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் மரியாதைப் பேச்சு குறித்து எழுதிய ஆய்வு மொழியியலில் மிகவும் பேசப்படுவது. 1978-ல் முதலில் வெளியாகி, 1987-ல் தனி நூலானது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சு அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு விஷயத்தை மற்றவரிடம் கேட்கும் வழிகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு முனையில் பூச்சே இல்லாமல் கேட்பது. மறுமுனையில் ஜாடை. இரண்டுக்கும் இடையில், கேட்பதை வெளிப்படையாகக் கேட்டு, அதற்கு மரியாதையைச் சேர்ப்பது. மறுக்க இடம் கொடுப்பது, காரணம் சொல்வது, தொந்தரவுக்கு வருத்தம் தெரிவிப்பது எல்லாம் இந்த நடு வழியில் வரும்.

தமிழில் இது நமக்குப் பழக்கமானதுதான். “இதைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுங்களா?” என்பதில் கோரிக்கை அப்பட்டமாகத் தெரிகிறது. ‘கொஞ்சம்’, ‘முடியுமா’, ‘ங்க’ ஆகிய மூன்றும் மரியாதையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘ங்க’ தொலைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டவே பலர் கோரிக்கையையே மறைத்து எழுத ஆரம்பிக்கிறார்கள்.

அதே மெசேஜ், வேறு மாதிரி

காவ்யா அன்று இப்படி எழுதியிருக்கலாம்:

“ஹாய் யான், ஒரு உதவி வேண்டும். பேமென்ட் டெஸ்ட் அக்கவுன்டுக்கான அனுமதியை எங்கள் டீமுக்கு நாளை, புதன்கிழமை, உங்கள் நேரம் மதியம் 12 மணிக்குள் தர முடியுமா? சோதனைக்கு ஒன்றரை நாள் தேவைப்படுகிறது. அதற்கு மேல் தாமதமானால் வெள்ளிக்கிழமை ரிலீஸில் பேமென்ட் பகுதியைச் சேர்க்க முடியாது. அந்த நேரத்துக்குள் முடியாது என்றால், எப்போது முடியும் என்று இன்றே சொன்னால் திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன். நன்றி.”

இதில் என்ன மாறியிருக்கிறது? முதல் வரியிலேயே இது கோரிக்கை என்று தெரிகிறது. அடுத்த வாக்கியம் யானை நோக்கிய கேள்வி. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. பிறகு காரணம். காரணம் இருந்தால் கெடு அதிகாரமாகத் தெரியாது. கடைசியில், மறுக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. ஜாடையாகப் பேசும்போது நாம் காப்பாற்ற நினைப்பதும் இந்தக் கதவைத்தான். இங்கே அது சொல்லாகவே வந்துவிடுகிறது.

நேரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘எண்ட் ஆஃப் டே’ என்று மட்டும் எழுதினால் யாருடைய நாள்? நெதர்லாந்தில் கோடையில் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். யானின் மாலை 5 மணி, ஜூலையில் சென்னையில் இரவு 8.30; டிசம்பரில் இரவு 9.30. அதனால் மணியோடு ஊரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

அனுப்பும் முன் ஒரு சோதனை

எழுதியதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மெசேஜைப் படிப்பவர் ‘முடியும்’, ‘முடியாது’ அல்லது ஒரு தேதி, இந்த மூன்றில் ஒன்றைப் பதிலாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது கோரிக்கை. காவ்யாவின் முதல் மெசேஜுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. கட்டைவிரல்தான் பொருந்தும். அதைத்தான் யான் போட்டார்.

கூடவே, மரியாதைக்காகச் சேர்க்கும் சில சொற்களையும் பார்க்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’, ‘அவசரமில்லை’ என்று எழுதினால் யான் அதை அப்படியே நம்புவார். வேலை வரிசையில் கடைசிக்குப் போய்விடும். உண்மையிலேயே அவசரம் இல்லாதபோது மட்டும் அவற்றை எழுதலாம்.

நம் அலுவலக ஆங்கிலத்துக்கே உரிய சொற்களும் குழப்பும். ‘டு த நீட்ஃபுல்’ என்றால் எது தேவையானது என்று அவருக்குத் தெரியாது. ‘ரிவர்ட்’ என்பது இன்னும் ஆபத்து. நமக்கு அது ‘பதில் அனுப்புங்கள்’. மற்ற நாட்டவருக்கு ‘பழைய நிலைக்குத் திருப்பு’. டெவலப்பருக்கோ `git revert` என்று ஒரு கட்டளையே இருக்கிறது. செய்த மாற்றத்தை ரத்து செய்வது அதன் வேலை. ‘இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு ரிவர்ட் செய்யுங்கள்’ என்று எழுதினால், பதிலுக்குப் பதில் மாற்றமே காணாமல் போகலாம். ‘ரிப்ளை’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

‘நோ’ என்று வந்தால்?

இவ்வளவு தெளிவாகக் கேட்டும் யான் ஒரே வரியில், “இல்லை, புதன்கிழமை முடியாது” என்று பதில் போடலாம். ‘சாரி’கூட இருக்காது. நம்மூரில் இப்படிப் பதில் வந்தால் ஏதோ கோபம் என்று நினைப்போம். யானுக்கு அது அட்டவணை பற்றிய தகவல் மட்டும்தான். அதற்கு மேல் பேச்சு முடிந்துவிடவில்லை. “சரி, சீக்கிரம் என்றால் எப்போது முடியும்? உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது தர முடியுமா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். பெரும்பாலும் அதற்கும் நேரடியான பதிலே வரும்.

பதிலே வராவிட்டால் உடனே மேனேஜரை மெயிலில் ‘சிசி’ போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதுவும் ஒரு ஜாடைதான், கூடவே கொஞ்சம் மிரட்டலும். தன்னிடம் கேட்காமல் மேலே போய்விட்டார்கள் என்று நேரடியாகப் பேசுபவருக்கு உறுத்தும். முதலில் அவருக்கே ஒரு நினைவூட்டல். அதிலேயே, “மதியத்துக்குள் முடிவு தெரியாவிட்டால் உங்கள் லீடிடம் கேட்க வேண்டியிருக்கும்” என்று சொல்லிவிட்டு, பிறகு கேட்கலாம்.

எல்லா வெளிநாட்டவருக்கும் இதுதானா?

இல்லை. பிரிட்டிஷ் மேலாளர் ஒருவர் “நீங்கள் இதை ஒருமுறை பார்க்கலாமே” என்றால், அது யோசனை அல்ல, வேலை. அங்கே ஜாடையைப் பிடிக்க வேண்டியது நாம்தான். ‘த கல்ச்சர் மேப்’ (2014) நூலை எழுதிய எரின் மேயர் இன்னொரு வித்தியாசத்தைச் சொல்கிறார்: அமெரிக்கர்கள் பொதுவாக வெளிப்படையாகப் பேசுவார்கள், ஆனால் குறை சொல்லும்போது பாராட்டில் பொதிந்து சொல்வார்கள், டச்சுக்காரர்கள் குறையையும் நேராகவே சொல்வார்கள். நெதர்லாந்திலும் ஆளுக்கு ஆள் மாறும்.

அதனால் ஊரை வைத்து ஊகிப்பதைவிட ஆளிடமே கேட்பது மேல். ரிலீஸ் பரபரப்பு அடங்கிய பிறகு, காவ்யா யானிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும்: “எங்க ஊர்ல சுத்தி வளைச்சுக் கேட்கிறதுதான் பழக்கம். இனிமே வேலை இருந்தா மெசேஜ் தொடக்கத்துல ‘ரிக்வெஸ்ட்’னு போடறேன். அது இல்லாம நான் எதையோ கேட்கிற மாதிரி தோணினா, ‘ஏதாவது செய்யணுமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.” பழக்கத்தை விளக்கிச் சொன்னால் யானும் தன் பங்குக்குக் கேட்கத் தொடங்குவார். அடுத்த ரிலீஸுக்கு அனுமதி எப்போது வரும் என்பது செவ்வாய்க்கிழமையே இருவருக்கும் தெரிந்திருக்கும்.