டாலர் ஏறினால் மட்டும் போதாது

வளைகுடாவில் சம்பாதிக்கும் நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. டாலர் எப்படியும் ஏறும், ஆகவே சேமிப்பை டாலரிலேயே போட்டுவைத்தால் நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அது. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டாலர் மூன்று ரூபாய் ஏறியும், டாலரில் போட்டவர் ரூபாயில் போட்டவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போவது உண்டு.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் இந்திய வங்கியில் டெபாசிட் போட முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று என்.ஆர்.இ. டெபாசிட். அனுப்பும் பணம் அன்றைய விலையில் ரூபாயாக மாறி, ரூபாயாகவே வளரும். மற்றது எஃப்.சி.என்.ஆர். டெபாசிட். இதில் டாலராகப் போட்டால் டாலராகவே கிடக்கும், வட்டியும் டாலரில்தான். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. பவுண்ட், யூரோ, யென் போன்ற நாணயங்களிலும் போடலாம். எந்தெந்த நாணயத்தை ஏற்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும். வெளிநாட்டில் வசிக்கும்வரை இரண்டு வட்டிக்கும் இந்தியாவில் வருமான வரி கிடையாது.

அமீரகத்தில் இருப்பவருக்கு டாலர் அந்நிய நாணயம்போலத் தோன்றலாம். ஆனால் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று 1997 முதல் கட்டிவைத்திருக்கிறார்கள். சவூதி ரியால் 1986 முதல் 3.75. ஆக திர்ஹமில் சம்பளம் வாங்குகிறவர் உண்மையில் டாலரில்தான் சம்பளம் வாங்குகிறார். அவருக்கு நாணய ஆபத்து முழுவதும் டாலருக்கும் ரூபாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போடுவோம். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் சிவகங்கைக்காரர் ஒருவர் 36,725 திர்ஹம் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10,000 டாலர். அன்றைக்கு டாலர் 85 ரூபாய். என்.ஆர்.இ. டெபாசிட்டுக்கு 6.75 சதவீதம், டாலர் டெபாசிட்டுக்கு 4.5 சதவீதம் வட்டி. இந்த வட்டிகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் போடும் நாளில் உங்கள் கிளை சொல்வதை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரூபாயில் போட்டால் 8,50,000 ரூபாய், மூன்று ஆண்டில் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறக்குறைய 10,39,000 ரூபாய் ஆகும். டாலரில் போட்டால் 10,000 டாலர் ஏறக்குறைய 11,430 டாலர் ஆகும். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் வருவது 90 ரூபாய் 90 காசு. இந்த ஒரு எண்தான் முழுக் கணக்கின் உயிர்நாடி. மூன்று ஆண்டு கழித்து டாலர் 90.90-க்கு மேல் இருந்தால் டாலரில் போட்டது லாபம். கீழே இருந்தால் ரூபாயில் போட்டிருக்கலாம்.

டாலர் 95 ஆகிவிட்டது என்று வையுங்கள். கையில் 10,85,850 ரூபாய், என்.ஆர்.இ.யைவிட 46,850 கூடுதல். அதுவே டாலர் 88-ல் நின்றுவிட்டால்? போட்டபோது 85, எடுக்கும்போது 88. “பரவாயில்லை, மூணு ரூபா ஏறியிருக்கு” என்று மனிதர் சந்தோஷமாகத்தான் இருப்பார். ஆனால் கையில் வருவது 10,05,840 ரூபாய். ரூபாயிலேயே போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட 33,000 ரூபாய்க்கு மேல் குறைவு. இந்த நஷ்டம் பாஸ்புக்கில் எங்கேயும் தெரியாது. அதனால்தான் யாரும் இதைப் பேசுவதில்லை.

போட்ட 8,50,000-மே கரைய வேண்டுமானால் டாலர் 74 ரூபாய்க்கு வர வேண்டும். அது மூன்று ஆண்டில் நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே டாலர் டெபாசிட்டில் முதல் போய்விடுமோ என்ற பயம் பெரும்பாலும் வீண். பயப்பட வேண்டியது, வர வேண்டியது வராமல் போவதற்கு.

மேலே சொன்ன 85-லிருந்து 90.90 என்பது ஆண்டுக்கு சுமார் இரண்டேகால் சதவீத ஏற்றம். இது ஏறத்தாழ இரண்டு வட்டிகளுக்கும் உள்ள இடைவெளிதான். ரூபாய்க்கு வட்டி அதிகம் தருவது தாராள குணத்தால் அல்ல. இங்கே விலைவாசி வேகமாக ஏறுகிறது, ரூபாய் மெல்லத் தேயும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. அந்தத் தேய்மானத்துக்கான ஈடு அந்த வட்டிக்குள்ளேயே இருக்கிறது. சந்தை எதிர்பார்த்த வேகத்தைவிட ரூபாய் வேகமாகச் சரிந்தால்தான் டாலர்காரர் ஜெயிப்பார்.

பழைய கதை என்ன சொல்கிறது? 2014 முடிவில் டாலர் 63 ரூபாய் சொச்சம். 2024 முடிவில் 85 ரூபாய் சொச்சம். பத்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு மூன்று சதவீதம் வருகிறது. பார்த்தால் டாலர் பக்கம் சாய்வதுபோல இருக்கும். ஆனால் சராசரியை நம்பிப் பணம் போட முடியாது. 2022-ல் ஒரே ஆண்டில் டாலர் 74-லிருந்து 82-ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு முழுவதும் அரை ரூபாய் அளவுக்குத்தான் நகர்ந்தது. 2017-ல் தலைகீழ்: 68-ஐ ஒட்டி இருந்த டாலர் 64-க்கு இறங்கியது. அந்த ஆண்டு டெபாசிட் முடிந்து வீடு கட்ட ஊருக்கு வந்தவர் பாவம்.

அதைவிட மோசமான காலமும் உண்டு. 2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. எழுபது ஆகும், எண்பது ஆகும் என்று எல்லோரும் பேசிய நேரம். அந்தப் பேச்சை நம்பி 10,000 டாலரை அப்படியே டெபாசிட் போட்டவர், அடுத்த மே மாதக் கடைசியில் தங்கை கல்யாணத்துக்காக உடைத்திருந்தால் டாலர் 59 ரூபாய் அளவில்தான் இருந்தது. 6,88,000 ரூபாய்க்குப் பதில் 5,90,000. ஓராண்டு முடிவதற்குள் உடைத்ததால் எஃப்.சி.என்.ஆர். விதிப்படி வட்டி ஒரு சென்ட்கூடக் கிடைத்திருக்காது.

அந்த மீட்சியில் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்கே பங்குண்டு. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கவர்னராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், இந்த டெபாசிட்டுகள் மூலம் வங்கிகள் திரட்டும் டாலரை வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்போது ஏற்படும் நாணய ஆபத்தை ஆண்டுக்கு மூன்றரை சதவீதக் கட்டணத்தில் ரிசர்வ் வங்கி ஏற்கும் என்றார். சில மாதங்களில் ஏறக்குறைய 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. நாணய ஆபத்து ஒருபோதும் காணாமல் போவதில்லை; யாராவது ஒருவர் தலையில் விழும். 1975 முதல் இருந்த பழைய எஃப்.சி.என்.ஆர். திட்டத்தில் அது ரிசர்வ் வங்கியின் தலையில் விழுந்தது. அந்தச் சுமை தாங்காமல்தான், 1993-ல் ஆபத்தை வங்கியே ஏற்கும் இன்றைய திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றும் உங்கள் டாலர் டாலராகத் திரும்பி வருவதற்கு வங்கி பொறுப்பு. அந்த டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

டாலரில் நடப்பது எல்லா நாணயத்திலும் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்த 2016 ஜூனுக்கு முன் பவுண்ட் நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. அக்டோபரில் 82-க்கு அருகே வந்துவிட்டது. நூறு யென் 2021 தொடக்கத்தில் சுமார் 70 ரூபாய். 2024 நடுவில் 52 சொச்சம். யென்னில் சேமித்துவைத்த ஜப்பான்வாசிக்கு வட்டியும் இல்லை, மதிப்பும் இல்லை.

இனி, கணக்கில் வராமல் கழிந்துபோகும் காசைப் பற்றி. செய்தியில் சொல்லும் டாலர் விலை வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. உங்களிடம் வங்கி வாங்கும் விலைக்கு டி.டி. பையிங் ரேட் என்று பெயர். அது எப்போதும் கொஞ்சம் கீழே இருக்கும். 70 காசு குறைவு என்றால் 11,430 டாலரில் 8,000 ரூபாய் போய்விடும். ஆகவே 90.90 என்ற எண்ணை ஒப்பிட வேண்டியது வங்கியின் வாங்கும் விலையோடு. தொகை கொஞ்சம் பெரிது என்றால் பலகை விலையை அப்படியே ஏற்காமல் மேலாளரிடம் பேசிப் பாருங்கள். பத்து இருபது காசாவது ஏற்றித் தருவார்கள்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. எக்ஸ்சேஞ்சில் போய் ஊருக்கு அனுப்பினால் அது பெரும்பாலும் ரூபாயாகவே வந்து சேரும். அந்த ரூபாயை வைத்து டாலர் டெபாசிட் போடச் சொன்னால் வங்கி மறுபடி டாலரை விற்கும் விலைக்கு மாற்றும். வாங்கும் விலை 84.70, விற்கும் விலை 85.70 என்றால் 10,000 டாலர் 8,47,000 ரூபாயாகி, திரும்ப 9,883 டாலராகிவிடும். வட்டி ஓடத் தொடங்கும் முன்பே 117 டாலர் காலி. டாலர் டெபாசிட் வேண்டுமானால் அங்கிருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து டாலராகவே அனுப்ப வேண்டும். எந்த வங்கி வழியாக அனுப்புவது என்ற விவரத்தை உங்கள் கிளையே எழுதித் தரும்.

அப்படியானால் யாருக்கு எது? என் கட்சி இதுதான்: பணம் எந்த நாணயத்தில் செலவாகப் போகிறதோ அந்த நாணயத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு காரைக்குடியில் அஸ்திவாரம் போடப் போகிறவருக்கு டாலர் டெபாசிட் சூதாட்டம். மகனை வெளிநாட்டில் படிக்கவைக்க நினைப்பவருக்கு அதுவே பாதுகாப்பு. டாலரில் கட்டணம் கட்டுபவருக்கு ரூபாய் எங்கே போனால் என்ன? எதற்கு என்று முடிவாகாத பணம் என்றால் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடலாம். ஊரில் நகைக்கடனோ வீட்டுக் கடனோ ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு டெபாசிட்டும் வேண்டாம். ஒன்பது சதவீத வட்டி கட்டிக்கொண்டு ஏழு சதவீத வட்டி வாங்குவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

முடித்துக்கொண்டு ஊர் திரும்ப இருப்பவர்களுக்கு எஃப்.சி.என்.ஆரில் ஒரு வசதி உண்டு. நிரந்தரமாகத் திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றியாக வேண்டும். அதன்பின் வட்டிக்கு வரி வரும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டோ முதிர்வு நாள்வரை பேசிய வட்டியிலேயே தொடரலாம். நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு, வரிச் சட்டப்படி அவர் முழுமையான உள்நாட்டுவாசி ஆகும்வரை அந்த வட்டிக்கு வரிவிலக்கும் தொடரும். திரும்புவதற்கு ஓரிரு ஆண்டுக்கு முன்பே இதை யோசித்துப் போடுவது நல்லது. திரும்பிய செய்தியை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பின்னால் வரியும் அபராதமும் சேர்ந்து வரும்; அப்போது டாலர் எவ்வளவு ஏறியிருந்தாலும் ஈடுகட்டாது.