புடைப்பு தெரியாத ஓரம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பதூகா என்ற ஊருக்கு ஆண்டுதோறும் குவில்ட் தைப்பவர்கள் திரண்டு வருகிறார்கள். 1985 முதல் அங்கே குவில்ட் கண்காட்சி நடக்கிறது. இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் துணியின் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஓரப்பட்டையையும் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். மூலை செங்கோணமாக இருக்கிறதா, பட்டையின் தொடக்கமும் முடிவும் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள்.

மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றும் சேர்ந்து தைக்கப்பட்டதுதான் குவில்ட். அதன் பிசிறு விளிம்பை, கோரைப்பாய் ஓரத்தில் துணி வைத்துத் தைப்பது போல, ஒரு பட்டையால் மூட வேண்டும். இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்த பட்டையைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். விளிம்பில் இரட்டைத் துணி இருப்பதால் அது சீக்கிரம் நைந்துபோகாது.

36-க்கு 45 அங்குலக் குழந்தைப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 162 அங்குலம். மூலை மடிப்புக்கும் கடைசி இணைப்புக்கும் சேர்த்து இன்னும் 12 அங்குலம் வேண்டும். துணியின் அகலம் 42 அங்குலம் என்றால் நான்கு பட்டைகள் போதாது; ஒவ்வொரு சாய்வு இணைப்பும் இரண்டரை அங்குலத்தை விழுங்கிவிடும். ஆகவே ஐந்து பட்டைகள் வெட்ட வேண்டும்.

தையலை மூலையில் தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில், பட்டையில் பத்து அங்குலத்தைத் தைக்காமல் தொங்கவிட்டு, கால் அங்குலத் தையலாகத் தொடங்க வேண்டும். பட்டையின் பிசிறு ஓரமும் குவில்ட்டின் விளிம்பும் ஒன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

மூலை நெருங்கும்போது, விளிம்புக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு நூலை வெட்ட வேண்டும். பிறகு குவில்ட்டைத் திருப்பி, பட்டையை நேர் மேலே தூக்கி மடித்தால் 45 பாகைச் சாய்வு விழும். அந்தச் சாய்வு கலையாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பட்டையை மறுபடி கீழே மடிக்க வேண்டும். இப்போது மேல் மடிப்பு, தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு சரியாகப் பொருந்தும். அந்த விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தைக்கலாம்.

நிறுத்தும் தூரம் தையல் விளிம்பின் அளவாகவே இருக்க வேண்டும். கால் அங்குலத்தைத் தாண்டிப் போய்விட்டால் மடிப்பு தையலுக்குள் சிக்கி, பட்டையைப் பின்னால் திருப்பும்போது மூலை சுருங்கும். முன்னதாகவே நின்றுவிட்டால் மூலையில் இடைவெளி விழுந்து, முனை மழுங்கும்.

அடுத்தது கடைசி இணைப்பு. ஒரு முனையை மற்றொன்றுக்குள் செருகி மேலே தைத்துவிடலாம்தான். ஆனால் அத்தனை துணி அடுக்குகளும் ஒரே இடத்தில் சேர்வதால் அங்கே விரலில் தட்டும் மேடு உருவாகும். சாய்வாக இணைத்தால் அந்தத் தடிமன் பட்டையின் நீளத்தில் பரவிவிடும்.

அதற்கு, தொடங்கிய இடத்துக்குப் பத்து, பன்னிரண்டு அங்குலம் முன்பே தையலை நிறுத்த வேண்டும். இரு வால்களையும் விளிம்பில் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்று சரியாக இரண்டரை அங்குலம் ஏறும்படி வெட்ட வேண்டும். மடித்த அகலத்தை நினைத்து ஒன்றேகால் அங்குலம் மட்டும் விட்டால், இணைத்தபின் பட்டை குட்டையாகி, குவில்ட்டைச் சுருட்டி இழுக்கும். கூடுதலாக விட்டால் பட்டை தொளதொளத்துச் சுருக்கம் விழும். எப்போதும் வெட்டிய பட்டையின் முழு அகலமே கணக்கு.

பிறகு இரு முனைகளையும் விரித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, செங்குத்தாக வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டுக் குண்டூசி குத்த வேண்டும். குவில்ட் கனமாக இழுத்தால், இடைவெளிப் பகுதியை மடித்துப் பிடித்துக்கொண்டால் முனைகள் எளிதாகச் சந்திக்கும். கோட்டின் மேல் தைத்ததும் உடனே வெட்டிவிடாமல், பட்டையை மடித்து விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். முறுக்கு இல்லாமல் தட்டையாகப் படிந்தால், கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டலாம். இரு ஓரங்களையும் விரித்து அயர்ன் செய்தபின், மீதி இடைவெளியைத் தைத்து முடிக்கலாம்.

பட்டையை அடிப்பக்கம் திருப்பிக் கையால் தைக்கும்போது, பின்மூலையின் மடிப்பு முன்மூலைக்கு எதிர்த்திசையில் விழ வேண்டும். அப்போது தடிமன் இரு புறமும் பிரிந்துவிடும். இரு பக்கமும் சாய்வு மடிப்பை நான்கைந்து சிறு தையலால் மூடிவிட்டால், துவைக்கும்போது அது பிரியாது.

இந்த நேர்ப்பட்டை நேரான ஓரங்களுக்கே சரிவரும். அலைபோல் வளைந்த ஓரம் என்றால், துணியை 45 பாகைச் சாய்வில் வெட்டிய கிராஸ் பட்டைதான் சுருக்கமில்லாமல் வளைந்து படியும்.