கதவைச் சாத்திவிட்டு இறங்குங்கள்

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. குளிருக்காக ஒரு வீட்டில் வைத்திருந்த மின்சார ஹீட்டரில் தொடங்கிய தீ, பெரும்பாலும் அந்த வீட்டையும் அதை ஒட்டிய நடையையும் தாண்டவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். புகைதான் அவர்களைக் கொன்றது.

தீப்பிடித்த வீட்டில் இருந்தவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். அவர்கள் போனதும் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய வாசற்கதவு சாத்திக்கொள்ளவில்லை. மேலே 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்றும் திறந்தே கிடந்தது. கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய் கிடைத்ததும் படிக்கட்டு முழுவதும் புகைபோக்கியாக மாறிவிட்டது. தீ எட்டாத மாடிகளில் இருந்தவர்களும் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள்.

நம் ஊர் அடுக்குமாடிகளின் கதையும் பெரும்பாலும் படிக்கட்டில்தான் இருக்கிறது. ஐந்து மாடி, ஒரே படிக்கட்டு, பக்கத்தில் லிஃப்ட். கீழே பார்க்கிங்கில் மீட்டர் போர்டுகள் வரிசையாக இருக்கும், அவற்றின் அடியில் பழைய சைக்கிள், பெயிண்ட் டப்பா, அட்டைப்பெட்டி. ஒவ்வொரு மாடியிலும் செருப்பு ராக். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. தீ எங்கே தொடங்கினாலும் புகை போகும் வழியும் ஆட்கள் இறங்கும் வழியும் ஒன்றேதான்.

சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் நடுவே மூன்று நிமிடம் கிடைத்தால் செயலாளர் படித்துக் காட்டக்கூடிய உரை இது. மேடைத் தமிழ் வேண்டாம், வீட்டுப் பேச்சே போதும்.

“எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி ஒரு மணி, கீழே பார்க்கிங்ல சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடிச்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம். யார் முதல்ல பார்க்கிறாங்களோ, அவங்க ‘தீ, தீ’ன்னு கத்தணும், கதவைத் தட்டணும். வாட்ச்மேன் அண்ணன் பொது அலாரத்தை அடிப்பார். போன் 101, இல்லேன்னா 112.

“வாசற்கதவை உடனே திறக்காதீங்க. புறங்கையால கதவைத் தொட்டுப் பாருங்க. சூடா இல்லேன்னா கொஞ்சமாத் திறந்து படிக்கட்டைப் பாருங்க. புகை இல்லேன்னா எல்லாரும் இறங்குங்க. கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க, பூட்ட வேண்டாம். நகை, பீரோ, லேப்டாப் எதுக்கும் திரும்பக் கூடாது. லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

“கதவு சுட்டாலோ படிக்கட்டுல புகை நிறைஞ்சிருந்தாலோ இறங்காதீங்க. உள்ளே வந்து கதவைச் சாத்துங்க. ஈரத்துணியால கதவோட அடி இடுக்கை அடைங்க. ரோட்டுப் பக்கம் இருக்கிற ரூமுக்குப் போய் அந்தக் கதவையும் சாத்துங்க. மறுபடி போன் பண்ணி எந்த மாடி, எந்த வீடு, எத்தனை பேருன்னு சொல்லுங்க. ஜன்னல்ல டார்ச் அடிங்க. ஜன்னல் வழியா புகை உள்ளே வந்தா அதைச் சாத்திடுங்க.

“இறங்கினவங்க எல்லாரும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு வாங்க. கேட்ல நிக்க வேண்டாம், தீயணைப்பு வண்டி அந்த வழியாத்தான் உள்ளே வரணும். மாடிக்கு ஒருத்தர் தலை எண்ணுவாங்க. யாராவது வரலேன்னா தீயணைப்பு வீரர்கிட்ட சொல்லுங்க, நீங்க உள்ளே போகாதீங்க. நடக்க முடியாத பெரியவங்க இருக்கிற வீட்டு நம்பர் வாட்ச்மேன்கிட்ட எழுதியிருக்கும். முதல்ல அந்தத் தாளை அவர் கையில கொடுப்பார்.”

உரை இவ்வளவுதான். தலை எண்ணப் போகிறவர்களின் பெயரை அதே கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும். ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நிச்சயம் வரும். அதனால் மாடிக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு வினாடி வினா. தாள், பேனா எதுவும் வேண்டாம், கூட்டத்தில் கேட்டுக் கத்தவிட்டாலே போதும். தப்பான பதில்தான் முதலில் வரும், விளக்குவதற்கு அதுவே வசதி.

முதல் கேள்வி: “ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் புகைக்குள் இறங்கிவிடலாம். சரியா, தப்பா?” பாதிப் பேராவது சரி என்பார்கள். தப்பு. ஈரத்துணி கரித்தூளை ஓரளவு தடுக்கும், கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தடுக்காது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலை சுற்றும், பிறகு புத்தி குழம்பும். எந்த மாடியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். இறங்கும்போது பாதியில் புகை எதிரே வந்தால், துணியை நம்பி முன்னே போகாமல் குனிந்தபடி திரும்ப வேண்டும். தரையை ஒட்டித்தான் காற்று கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஈரத்துணிக்குச் சரியான இடம் கதவிடுக்கு.

இரண்டாவது கேள்வி: “லிஃப்டில் போனால் என்ன ஆகும்?” கரண்ட் போய் நடுவில் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் லிஃப்ட் போகும் குழியும் இன்னொரு புகைபோக்கி என்பது பலருக்குத் தோன்றாது. தீ எரியும் மாடியிலேயே லிஃப்ட் நின்று கதவு திறந்துவிடவும் கூடும்.

மூன்றாவது கேள்வியில்தான் சண்டை வரும்: “மொட்டை மாடிக்கு ஓடலாமா?” மேலே காற்றோட்டம் இருக்கிறதே என்று நியாயம் பேசுவார்கள். புகையும் அதே வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அங்கே கதவு பூட்டியிருந்தால், புகை அடர்ந்து நிற்கும் படிக்கட்டு உச்சியில் சாவி தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே கீழே இறங்குவது முதல் வழி, வீட்டுக்குள்ளேயே இருப்பது இரண்டாவது வழி. தண்ணீர்த் தொட்டியில் யாரோ கை வைக்கிறார்கள் என்பதற்காகப் பூட்டு போட்டிருக்கிறோம் என்பார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போட்டால் வெளியாட்கள் வருவதைத் தடுக்க வேறு வழி பார்க்கலாம், ஆபத்தில் திறக்க முடியாத கதவுக்கு மாற்று வழி கிடையாது.

நான்காவது கேள்வி வீட்டு கிரில் கேட்டைப் பற்றியது: “இருட்டில், விளக்கு இல்லாமல், உங்கள் பூட்டின் சாவியை எவ்வளவு நேரத்தில் எடுப்பீர்கள்?” இதற்குச் சரியான பதில் ஒன்றுதான்: சாவி வாசலுக்கு உள்பக்கம், சிறுபிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். கைப்பை, பூஜை அறை, மாமியாரின் முந்தானை என்று பதில்கள் வந்தால் சிரித்துவிட்டு அன்றிரவே ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி சிவப்பு சிலிண்டரைப் பற்றியது: “தீயணைப்பானை எப்போது எடுக்கக் கூடாது?” தீ குப்பைக்கூடை அளவைத் தாண்டிவிட்டால் எடுக்கக் கூடாது. வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாவிட்டாலும் கூடாது. ஒரு சாதாரண சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பின்னைப் பிடுங்கி, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடித்துப் பார்க்கலாம். அணையவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும். சார்ஜில் இருக்கும் ஸ்கூட்டர் பேட்டரிக்கு இந்த முயற்சியே வேண்டாம். அணைந்தது போலிருந்து மறுபடி பற்றிக்கொள்ளும்.

வினாடி வினா முடிந்ததும் அப்படியே எல்லோரும் படிக்கட்டில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வழியில் எந்த செருப்பு ராக், எந்தப் பூந்தொட்டி காலில் இடறுகிறதோ, அதை அதே நாளில் அந்த வீட்டுக்காரரே எடுத்துவிட வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போடட்டும்.