கண்ணாடி போடாமலே மணி பார்க்க

2007-ல் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது பூட்டிய திரையின் உச்சியில் ஒரு கடிகாரம் இருந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் அதன் தோற்றத்தை நிறுவனம் சில முறை மாற்றியது. வாங்கியவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. பின்னால் இருக்கும் படத்தை மட்டும்தான் அவர்களால் மாற்ற முடிந்தது. 2022 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கடிகாரத்தின் எழுத்துரு, நிறம், அதைச் சுற்றியுள்ள சிறு தகவல் பெட்டிகள் எல்லாம் பயனர் கைக்கு வந்தன. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல் கடிகாரத்தைப் பெரிதாக இழுத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது.

இதை அழகுபடுத்தும் வேலை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும், வெயிலில் நின்று மணி பார்க்கிறவர்களுக்கும் இது மிகவும் பயன்படும் வசதி.

ஒரு பாட்டியின் போனை எடுத்துக்கொள்வோம். ஐஓஎஸ் 26 போடப்பட்ட ஐபோன் அது. ஐபோன் 11-ம் அதற்குப் பின் வந்தவையும் இந்தப் பதிப்பை ஏற்கும். லாக் ஸ்கிரீனில் கடற்கரையில் நிற்கும் பேத்தியின் படம். வானம் வெளுத்திருக்கிறது; அதன் மேல் கடிகாரமும் வெள்ளை. கண்ணாடியைத் தேடி எடுத்தால்தான் அவருக்கு மணி தெரிகிறது.

முதலில் போனை முகத்தாலோ கடவு எண்ணாலோ திறக்க வேண்டும். ஆனால் திரையை மேலே தள்ளி உள்ளே போய்விடக் கூடாது. லாக் ஸ்கிரீனிலேயே நின்றபடி, வெறுமையான ஓர் இடத்தில் விரலை வைத்து ஓரிரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். படம் சற்றுச் சுருங்கி, கீழே Customize என்ற பொத்தான் தோன்றும். பலருக்கு வேலை தடைபடுவது இந்த இடத்தில்தான். அறிவிப்பு ஒன்றின் மேல் விரல் பட்டிருந்தால் அந்த அறிவிப்புதான் விரியும். போன் முகத்தை அடையாளம் காணாவிட்டால் கடவு எண்ணைக் கேட்கும். போன் பழுதோ என்று பயப்பட வேண்டியதில்லை; எண்ணைக் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் போதும்.

Customize-ஐத் தொட்டு, லாக் ஸ்கிரீன் படத்தைத் தேர்ந்தால் கடிகாரத்தைச் சுற்றிக் கட்டங்கள் தெரியும். மணியைத் தொட்டதும் எழுத்துருக்களும் நிறங்களும் கொண்ட பலகை ஒன்று கீழிருந்து எழும். ஐஓஎஸ் 26-ல் அதிலேயே Glass, Solid என்று இரண்டு தேர்வுகள் உண்டு. Glass என்றால் எண்கள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுபவையாக இருக்கும், பின்னால் உள்ள படம் மங்கலாகத் தெரியும். கருநீலத்திலோ பச்சையிலோ ஆன படத்தின் மேல் இது கண்ணைப் பறிக்கும். வெளுத்த வானத்தின் மேல் எண்ணின் ஓரமே புலப்படாது. பாட்டிக்கு வேண்டியது Solid. அதோடு நிற வரிசையிலிருந்து கருநீலமோ அடர் சிவப்போ எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது அளவு. கடிகாரத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் சிறு வளைவாக ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கீழே இழுக்க இழுக்க எண்கள் உயர்ந்து நீளும். வரிசையில் முதலாவதாக உள்ள எழுத்துருவுக்குத்தான் இந்த வசதி. எழுத்து விளிம்பில் அலங்காரம் உள்ள மற்ற எழுத்துருக்களைத் தேர்ந்தால் இழுக்கும் வழி இருக்காது. ‘என் போனில் மட்டும் அந்தக் கைப்பிடி வரவில்லை’ என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்த எழுத்துருவில் இருக்கிறோம் என்பதைத்தான். இன்னொன்றும் உண்டு: எழுத்துருவை மாற்றினால் மணி மட்டும்தான் மாறும். மேலே உள்ள தேதி வரியின் எழுத்துக்கு எந்த மாற்றமும் வராது.

கடிகாரம் நீண்டதும் பேத்தியின் நெற்றிமேல் எண்கள் ஏறிவிட்டால், அதே திரையில் இரண்டு விரல்களால் படத்தைச் சுருக்கியோ விரித்தோ நகர்த்தி முகத்தைக் கீழே கொண்டுவரலாம். படத்தில் உள்ளவரின் தலை எண்களுக்கு முன்னால் வந்து நிற்பதுபோல் காட்டும் ஆழத் தோற்றமும் உண்டு. தலை எண்களை அதிகமாக மறைத்தால் போனே அதை நிறுத்திவிடும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு இந்தத் தோற்றம் இல்லாமல் இருப்பதே நல்லது. பாதி மறைந்த 8, 3 போலத் தெரியும்.

இனி விட்ஜெட்டுகள். ஒரு செயலியின் முக்கியச் செய்தியை அதைத் திறக்காமலே காட்டும் சிறு பெட்டிகள் இவை. தேதி வரியில் ஒன்றும், கடிகாரத்துக்குக் கீழே ஒரு வரிசையும் வைக்கலாம். அந்த வரிசையில் நான்கு இடங்கள். வட்ட விட்ஜெட் ஓர் இடத்தையும் நீள்சதுர விட்ஜெட் இரண்டு இடங்களையும் பிடிக்கும். ஆகவே நான்கு வட்டங்களோ, இரண்டு நீள்சதுரங்களோ, ஒரு நீள்சதுரமும் இரண்டு வட்டங்களுமோ பொருந்தும். ஐந்தாவதைச் சேர்க்கப் போனால் போன் ஏற்காது. இருப்பதில் ஒன்றைக் கழித்தல் குறியைத் தொட்டு நீக்கிய பிறகே புதியது நுழையும்.

பாட்டியின் போனில் வானிலைக்கு ஒரு வட்டம், பேட்டரிக்கு ஒரு வட்டம், மருந்து நேரத்தை நினைவூட்டும் ரிமைண்டர்ஸுக்கு ஒரு நீள்சதுரம் வைத்தால் வரிசை நிறைந்துவிடும். கடிகாரத்தை நீட்டியிருந்தால் ஐஓஎஸ் 26-ல் இந்த வரிசை திரையின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். அது குறையில்லை. மேலே மணிக்கு இடம் விட்டு, கட்டைவிரல் எட்டும் தொலைவில் விட்ஜெட்டுகள் நிற்பதுதான் வசதியும்கூட. எல்லாம் முடிந்ததும் மேல் வலது மூலையில் உள்ள பொத்தானைத் தொட்டால் மாற்றங்கள் பதிவாகும். அதைத் தொடாமல் போனைக் கீழே வைத்துவிட்டு, பழைய கடிகாரமே வந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கை. மருத்துவரைப் பார்க்கும் நேரம், வங்கி வேலை போன்றவற்றைக் காட்டும் விட்ஜெட்டை மேசையில் கிடக்கும் போனில் பக்கத்தில் இருப்பவரும் படிக்கக்கூடும். Settings-ல் Face ID & Passcode பகுதிக்குள் போய், Allow Access When Locked என்ற தலைப்பின் கீழ் Lock Screen Widgets-ஐ அணைத்துவைத்தால் பூட்டியிருக்கும்போது அந்த விவரங்கள் தெரியாது.

எழுத்துருப் பலகையில் பூகோள உருண்டை போல ஒரு பொத்தானும் இருக்கிறது. மணியை எந்த எண்களில் காட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது. 2024-ல் ஐஓஎஸ் 18 வந்தபோது வங்காளம், குஜராத்தி, குர்முகி, கன்னடம், மலையாளம், ஒடியா, தெலுங்கு, மெய்தெய், ஒல் சிக்கி எண்களை இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. அந்தப் பட்டியலில் தமிழ் எண்கள் இல்லை. பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. சுழியம் இல்லாமலே எண்களை எழுத முடிந்தது. ஆனால் கடிகாரத்தில் 10:05 காட்டச் சுழியம் வேண்டும். 2005-ல் யூனிகோடு தமிழுக்கும் ஒரு சுழியத்தைச் சேர்த்துவிட்டது. ௧௦:௦௫ என்று எழுத இன்று எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. லாக் ஸ்கிரீனில் தமிழ் எண்களைப் பார்க்க விரும்பும் வாசகர்கள் apple.com/feedback பக்கத்தில் ஐபோனைத் தேர்ந்து, இரண்டு வரியில் அதைக் கேட்டு எழுத வேண்டும்.