ஒன்பது கோயில், ஒரு வண்டி: விளம்பர வாசகத்துக்குள் என்ன இருக்கிறது?

கும்பகோணம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். ‘நவக்கிரக தரிசனம் ஒரே நாளில்! 4+1, 7+1, வேன். குறைந்த வாடகை. முன்பதிவு அவசியம்.’ கீழே ஒரு கைபேசி எண். வாட்ஸ்ஆப்பில் வரும் படத்திலும் இதே நான்கு துண்டுகள்தான், பின்னணியில் ஒரு கோபுரம் சேர்ந்திருக்கும். வண்டி, வழி, வாடகை, முன்பதிவு என்று நாம் கேட்க வேண்டிய எல்லாமே அதில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கையை விட்டுப் போகிற பணமும் தவறிப்போகிற தரிசனமும் அந்த வாசகம் சொல்லாமல் விட்டதில்தான் ஒளிந்திருக்கின்றன.

முதலில் ‘ஒரே நாளில்’ என்பதை எடுத்துக்கொள்வோம். அது பொய்யில்லை, முடியும். கும்பகோணத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் மேற்கே திருவையாறு பக்கம் திங்களூர், தெற்கே ஆலங்குடி, ஊரை ஒட்டியே திருநாகேஸ்வரம், கிழக்கே சூரியனார்கோயிலும் கஞ்சனூரும். அதையும் தாண்டி சீர்காழிப் பக்கம் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, பூம்புகாருக்கு அருகே கீழப்பெரும்பள்ளம், கடைசியாகக் காரைக்காலை ஒட்டித் திருநள்ளாறு. எல்லாம் சுற்றித் திரும்ப சுமார் 270 கிலோமீட்டர். ஒரு பகலுக்கு அது பெரிய தூரமில்லை. தடையாக இருப்பது நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் சாத்திவிட்டு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஆக, ஒன்பதில் ஆறு கோயில்களை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும்.

அதனால்தான் விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் காலை ஆறு மணிக்குத் திங்களூரில் நிற்பார்கள். அங்கிருந்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன்கோயில். அங்கேயே சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. நான்கு மணிக்குத் திருவெண்காட்டில் நடை திறக்கும்போது வாசலில் இருந்தால், கீழப்பெரும்பள்ளம் போய், இரவு எட்டரை, ஒன்பது வரை திறந்திருக்கும் திருநள்ளாறில் முடித்துத் திரும்பலாம். அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து நபருக்கு 750 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கிய நவக்கிரகச் சிறப்புப் பேருந்துக்கும் இதே வரிசையைத்தான் வகுத்தார்கள். தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள் கார் எடுப்பதற்கு முன் அந்தப் பேருந்தை ஒரு முறை விசாரிப்பது நல்லது. நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் கார் கட்டுப்படியாகும்.

சிலர் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிழமை வரிசைப்படியே கும்பிட வேண்டும் என்பார்கள். அப்படிப் போனால் கிழக்கே சூரியனார்கோயிலைப் பார்த்துவிட்டு மேற்கே திங்களூருக்குத் திரும்பி, மறுபடி வடகிழக்கே வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஓட வேண்டும். தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல் கூடும், ஒரு நாளும் போதாது. வரிசை முக்கியம் என்றால் அதை வண்டி பேசும்போதே சொல்லிவிட வேண்டும், பாதி வழியில் அல்ல. சூரியனார்கோயிலுக்கு முன் திருமங்கலக்குடியில் கும்பிடுகிற வழக்கம் உள்ள வீடுகளுக்கும் இதே பேச்சுதான். அது பக்கத்திலேயே இருந்தாலும் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும், அந்த அரை மணி வைத்தீஸ்வரன்கோயிலில்தான் உதைக்கும். திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகம் பார்க்க நினைப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு. அந்த நேரத்தில் வண்டி திருவெண்காட்டுப் பக்கம் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் நடக்காது.

அடுத்து வண்டி. ‘4+1’ என்றால் பயணிகள் நான்கு பேர், ஓட்டுநர் ஒருவர். டிசையர், எட்டியோஸ் மாதிரி வண்டிகள். முன்னால் ஒருவர், பின்னால் மூன்று பேர். ஒரு கல்யாணத்துக்குப் போய்வர அது போதும். ஒன்பது இடத்தில் ஏறி இறங்கிப் பதினான்கு மணி நேரம் உட்கார, பின்னால் நடுவில் மாட்டிக்கொள்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் நான்கு பேருக்கே இன்னோவா கேட்பது வீண் செலவில்லை. இன்னோவா, எர்டிகாவில் வேறொரு கணக்கு இருக்கிறது. கடைசி வரிசையை நிமிர்த்தி ஆள் உட்கார்ந்தால் டிக்கி சுருங்கிவிடும். வண்டி சி.என்.ஜி. என்றால் சிலிண்டரே டிக்கியில் பாதியைப் பிடித்திருக்கலாம். ரயிலிலிருந்து பெட்டிகளோடு இறங்கி நேரே கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் ‘கேரியர் இருக்கா, சி.என்.ஜி. வண்டியா?’ என்று கேட்டுவிட வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் போனால் பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் தேவை. ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொள்வதாக ஒருவர் சொன்னால் அது தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பர்மிட்டில் உள்ள இருக்கைக்கு மேல் ஏற்றினால் சோதனையில் அபராதம், விபத்து என்றால் இழப்பீட்டிலும் தகராறு.

இழப்பீடு என்றதும் நம்பர் பிளேட்டைச் சொல்லாமல் போக முடியாது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும், மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. ‘ஓன் போர்டு வண்டி, ஐந்நூறு ரூபாய் குறைச்சுக்கலாம்’ என்று பேசுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு வாடகைப் பயணத்தை ஏற்பதில்லை. எதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வண்டியின் வகை, தகுதிச் சான்று, காப்பீடு எதுவரை என்று வந்துவிடும். வகையில் Motor Cab அல்லது Maxi Cab என்று இருந்தால் வாடகை வண்டி.

இந்தச் சுற்றில் பர்மிட்டுக்குத் தனி முக்கியத்துவம் இருப்பதற்குக் காரணம் திருநள்ளாறு. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, அதாவது வண்டி மாநில எல்லையைத் தாண்டுகிறது. அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் உள்ள வண்டிக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் பர்மிட் உள்ள வண்டிக்கு அங்கே தற்காலிக பர்மிட் எடுக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். விளம்பரத்தில் பொடி எழுத்தில் ‘பர்மிட் தனி’ என்று இருப்பது இதைத்தான்.

இனி ‘குறைந்த வாடகை’. வெளியூர் வாடகைக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று ஒன்று உண்டு, பல இடங்களில் 250. அதற்குக் குறைவாக ஓடினாலும் 250-க்குப் பணம். கூடவே ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங். கிலோமீட்டர் எண்ணுவது ஷெட்டிலிருந்து ஷெட் வரை. கணக்குக்காகக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500 என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணத்து வண்டி 270 கிலோமீட்டர் ஓடினால் 3,780, பேட்டாவோடு 4,280 ரூபாய். அதே விலை சொல்லும் வண்டி தஞ்சாவூர் ஷெட்டிலிருந்து வருகிறது என்றால், வந்துபோக 80 கிலோமீட்டர் சேரும். இப்போது 4,900, பேட்டாவோடு 5,400. கிலோமீட்டர் விலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே ‘கிலோமீட்டர் எவ்வளவு?’ என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஷெட் எங்கே?’

இரண்டு நாளாகப் பிரித்து நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் ஏமாறுவது இந்தக் குறைந்தபட்சத்தில்தான். இரண்டு நாள் வெளியூர் வாடகை என்று பேசினால் 500 கிலோமீட்டருக்கு 7,000, இரண்டு பேட்டா 1,000, ஆக 8,000. ஓடியதோ முந்நூற்றுச் சொச்சம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பல டிராவல்ஸ்காரர்கள் உள்ளூருக்கு ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்று ஒரு வாடகை வைத்திருக்கிறார்கள். ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் நான்கையும் கும்பகோணத்திலிருந்து சுற்றி வந்தால் எண்பதுக்குள் அடங்கும். மறுநாள் அதிகாலையில் திங்களூர், பிறகு வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. இது ஏறத்தாழ 235 கிலோமீட்டர், 250-ஐத் தாண்டாது. முதல் நாளை உள்ளூர் வாடகையாகவும் இரண்டாம் நாளை வெளியூர் வாடகையாகவும் தனித்தனியே பேசினால் தரிசனமும் ஓட்டமில்லாமல் நடக்கும், காலி கிலோமீட்டருக்கும் பணம் போகாது. கேட்டால்தான் இப்படிப் பேசுவார்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நாள் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிலருக்கு அது கிளம்பியதிலிருந்து 24 மணி நேரம், சிலருக்கு நள்ளிரவு பன்னிரண்டோடு முடிகிற தேதி. திருநள்ளாறில் நளதீர்த்தத்தில் குளித்து, உடை மாற்றி, வரிசையில் நின்று வெளியே வரவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். சனிக்கிழமையில் இன்னும் கூடும். வைத்தீஸ்வரன்கோயிலில் வண்டி நின்றதும் நாடி ஜோதிடம் பார்க்கக் கூப்பிடுவார்கள். அதில் உட்கார்ந்தால் அன்றைய திட்டத்தை மறந்துவிடலாம். இரவு பத்துக்கு மேல் இரட்டை பேட்டா உண்டா என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

முன்பதிவுக்கு எத்தனை நாள் முன்னால் என்றால், சாதாரண நாளில் கார் கிடைக்க இரண்டு மூன்று நாள் போதும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகர ஜோதி வரை வேன்களும் டெம்போ டிராவலர்களும் சபரிமலைக்குப் போய்விடும், ஓட்டுநர்களும் கூடவே. அந்தப் பருவத்தில் வண்டி கிடைத்தாலும் முந்தின இரவு கேரளாவிலிருந்து திரும்பிய ஓட்டுநர் வந்து நிற்கக்கூடும். அவர் தூங்கினாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடியும் சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறும் நிரம்பி வழியும், அதற்கு மாதக் கணக்கில் முன்பே பேச வேண்டும். அதில் ஒரு தேதிக் குழப்பம் உண்டு. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் பேசியபோது, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் நிர்வாகம் தங்கள் கோயிலில் பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. நாட்காட்டியை மட்டும் நம்பி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கோயிலின் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்தபின் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்: ‘தேதி, காலை 5 மணி, கும்பகோணம் ரயில் நிலையம். ஆறு பேர், இன்னோவா, ஏ.சி., மஞ்சள் போர்டு. ஒன்பது கோயில், திங்களூரில் தொடக்கம். கிலோமீட்டர் விலை இவ்வளவு, குறைந்தபட்சம் 250, கணக்கு ரயில் நிலையத்திலிருந்து. பேட்டா இவ்வளவு. திருநள்ளாறு பர்மிட் உங்கள் பொறுப்பு. அட்வான்ஸ் இவ்வளவு கொடுத்தாயிற்று. வண்டி மாறினால் அதே வகை அல்லது பணம் திரும்ப.’ ‘சரி சார்’ என்று பதில் வந்தால் அதுவே ஒப்பந்தம். முந்தின நாள் மாலை ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் வர வேண்டும். ஏறும்போது கிலோமீட்டர் மீட்டரை ஒரு படம், இறங்கும்போது ஒரு படம். டோல் ஃபாஸ்டாகில் போயிருந்தால் ஓட்டுநரின் கைபேசியில் வந்த தொகையைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மீதியைக் கணக்குத் தீர்க்கலாம்.