சவரன் காசின் விலை: எட்டு கிராமா, 7.988 கிராமா?

தங்கம் விலை பற்றி வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சவரனுக்கு 80 ரூபாய் உயர்வு, 160 ரூபாய் சரிவு, 320 ரூபாய் உயர்வு என்றுதான் எண்கள் வரும். சவரனுக்கு 100 ரூபாய் உயர்வு என்று வராது. சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் காலையில் அறிவிப்பது முழு ரூபாயில் அமைந்த ஒரு கிராமின் விலைதான். அதை எட்டால் பெருக்கினால் சவரன் விலை கிடைக்கிறது. ஆகவே கூடினாலும் குறைந்தாலும் மாற்றம் எட்டின் மடங்காகவே இருக்கும். கிராமுக்குப் பத்து ரூபாய் ஏறினால் சவரனுக்கு எண்பது ஏறும்.

காசு வாங்கும்போது இந்தப் பெருக்கல்தான் அடிப்படை. கிராம் விலை, காசின் எடை இரண்டையும் பெருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் எந்தக் கிராம் விலை, எந்த எடை என்ற இரண்டு கேள்விகளில்தான் பணம் கூடுவதும் குறைவதும் நடக்கிறது.

கணக்குக்கு எளிதாக, 22 காரட் தங்கத்தின் விலை கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கான எண். நீங்கள் வாங்கும் நாளின் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரு சவரன் 72,000 ரூபாய். அரை சவரன் 4 கிராம், 36,000. கால் சவரன் 2 கிராம், 18,000. ஒன்றரை சவரன் என்றால் 12 கிராம், 1,08,000. பத்திரிகையில் வருவது இந்த விலைதான். இதில் ஜிஎஸ்டி சேரவில்லை, செய்கூலியும் சேரவில்லை. பத்திரிகை விலையை மனத்தில் வைத்துக் கடைக்குப் போனவர் ரசீதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

ரசீதில் ஏறுவதை வரிசையாகப் பார்ப்போம். எட்டு கிராம் 916 காசுக்குத் தங்கத்தின் மதிப்பு 72,000. கடை அதற்கு 3 சதவீதம் செய்கூலி போடுகிறது என்று கொள்வோம். அது 2,160 ரூபாய். இரண்டும் சேர்ந்து 74,160. இந்த மொத்தத்தின் மீது 3 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 2,224 ரூபாய் 80 காசு. கடைசியில் கட்ட வேண்டியது 76,384 ரூபாய் 80 காசு. கவனிக்க வேண்டிய இடம், வரி தங்கத்தின் மீது மட்டும் அல்ல, செய்கூலி சேர்ந்த தொகையின் மீது விழுகிறது என்பது. செய்கூலியை ஒரு ரூபாய் குறைத்துப் பேசினால் மிச்சம் ஒரு ரூபாய் மூன்று காசு.

காசுக்குச் செய்கூலியே வாங்காத கடைகள் உண்டு. சதவீதமாக வாங்குவோர், கிராமுக்கு இவ்வளவு என்பவர், காசு ஒன்றுக்கு இவ்வளவு என்பவர் என்று பல வகையும் உண்டு. கடைசி வகையில்தான் சிறு காசு வாங்குபவர் அதிகம் இழப்பார். ஒரு கிராம் காசுக்கு 300 ரூபாய், எட்டு கிராம் காசுக்கு 800 ரூபாய் என்று ஒரு கடை வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மாதம் ஒரு கிராமாக எட்டுக் காசு சேர்ப்பவர் செய்கூலியாக 2,400 ரூபாய் கொடுத்திருப்பார். ஒரே சவரன் காசாக வாங்கியவர் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. சேர்த்து வாங்கப் பணம் கையில் இல்லாதவர்தான் துளித்துளியாக வாங்குகிறார், அவரிடமே கூலி கூடுதலாகப் போகிறது. தங்கச் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அடுத்தது தரம். காசில் 916 என்று இருந்தால் 22 காரட், 999 என்று இருந்தால் 24 காரட். அறிவிக்கப்படும் விலைப் பட்டியலிலும் இரண்டு வரிகள் உண்டு. 22 காரட் கிராம் 9,000 என்றால், அதை 24-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 24 காரட் விலை சுமார் 9,818 வரும். எட்டு கிராம் 24 காரட் காசு 78,544 ரூபாய். ‘சவரன் விலை 72,000 என்றுதானே போட்டிருந்தது, இங்கே ஆறாயிரம் அதிகம் கேட்கிறார்களே’ என்று சண்டைக்குப் போக வேண்டாம். 916 காசில் எட்டு கிராமில் சுத்தத் தங்கம் 7.328 கிராம், 999 காசில் 7.992 கிராம். விலையைச் சுத்தத் தங்கத்தால் வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் கிராம் சுமார் 9,825 ரூபாய்க்கு வந்து நிற்கும். எது மலிவு என்ற கேள்விக்கே இடமில்லை. 916 காசுக்கு 24 காரட் விலை போட்டுவிட்டால்தான் சிக்கல். சவரனுக்கு 6,544 ரூபாய் கையை விட்டுப் போகும். காசின் மேல் பொறித்த எண்ணும் ரசீதில் எழுதிய காரட்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

இப்போது எடை. சவரன் என்றால் எட்டு கிராம் என்பது நம் கடைகளின் வழக்கம். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த பிரிட்டிஷ் தங்க நாணயம் எட்டு கிராம் அல்ல. 1817 முதல் அச்சடிக்கப்பட்டு வரும் அந்தக் காசின் எடை 7.988 கிராம்; 22 காரட்; சுத்தத் தங்கம் 7.322 கிராம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52 மில்லிமீட்டர். இங்கே அது அந்நிய நாணயமாக மட்டும் இருக்கவில்லை. 1899-இல் ஒரு சவரன் பதினைந்து ரூபாய் என்ற கணக்கில் இந்தியாவில் சட்டப்படி செல்லுபடியாக்கினார்கள். 1918-இல் பம்பாயிலேயே சுமார் 13 லட்சம் காசுகள் அச்சடிக்கப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த அந்தக் காசுகளில் ஆண்டு எண்ணுக்கு அருகே இந்தியாவைக் குறிக்கும் சிறிய ஆங்கில ‘ஐ’ எழுத்து இருக்கும். பாட்டியின் பெட்டியிலும் பழைய காசுமாலையிலும் இன்றும் ராஜா தலைக் காசுகள் கிடைப்பது அந்தக் காலத்தின் எச்சம்.

அப்படி ஒரு காசு உங்களிடம் இருந்தால், அல்லது யாராவது விற்க வந்தால், ‘ஒரு சவரன், அதனால் 72,000’ என்று சொல்வது கொஞ்சம் தவறு. 7.988 கிராமை 9,000-ஆல் பெருக்கினால் 71,892 ரூபாய். வித்தியாசம் நூற்றெட்டு ரூபாய்தான், ஒரு காசில் அது பெரிதல்ல. பத்துக் காசு உள்ள மாலையில் ஆயிரத்தை எட்டும். அதைவிடப் பெரிய கணக்கு தேய்மானத்தில் இருக்கிறது. நூறு ஆண்டு கைமாறிய, வளையம் ஒட்டி மாலையில் தொங்கிய காசு 7.988-இல் நிற்காது. தராசில் 7.90 காட்டினால் தங்கத்தின் மதிப்பு 71,100. முழுச் சவரனுக்குக் கொடுத்தால் 900 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். பிரிட்டனிலேயே 122.5 கிரெயின், அதாவது சுமார் 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்த சவரனை நாணயமாக ஏற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். புழங்கும் காசு தேயும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

வளையம் ஒட்டிய காசில் இன்னொரு இடர். வளையத்தையும் பற்றவைத்த பொடியையும் சேர்த்துத் தராசு காட்டும் எடை 8.3 கிராம்கூட வரலாம். பற்று வைத்த இடத்தில் தங்கத்தின் தரம் 916 இருக்காது. அந்த மொத்த எடையை 22 காரட் விலையால் பெருக்கிக் கேட்டால் வாங்குபவர் மறுப்பார், மறுப்பது நியாயம்தான். அதே சமயம், வளையத்தைக் கழற்றியபின் காசின் எடையைத் தனியே காட்டச் சொல்லிக் கேட்பது விற்பவரின் உரிமை.

போலிக் காசும் இருக்கிறது. எடை ஒன்றை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் எடையை யாரும் சரிக்கட்டிவிடலாம். தங்கம் கனமான உலோகம். பித்தளையில் அதே குறுக்களவிலும் தடிமனிலும் செய்தால் எடை பாதியளவுக்குத்தான் வரும். எடையைக் கூட்டிச் செய்தால் காசு தடித்துவிடும், அல்லது அகன்றுவிடும். எனவே எடை, குறுக்களவு, தடிமன் மூன்றையும் ஒன்றாக ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்துவது போலிக்கு எளிதல்ல. ஆனாலும் தங்கத்தை ஒத்த அடர்த்தி உள்ள டங்ஸ்டனை உள்ளே வைத்து மேலே தங்க முலாம் பூசினால் போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் தரம் பார்க்கும் கடைகூட முழு உத்தரவாதம் தராது, அந்த இயந்திரம் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. பெரிய தொகைக்கு வாங்கும்போது, வந்த வழி தெரியாத பழங்காசை விட்டுவிடுவதே மேல்.

கடையில் புதிதாக வாங்கும் காசில் இந்தத் தொல்லை இல்லை. எட்டு கிராம் என்றால் எட்டு கிராம். அங்கே எடை குறித்து வேறொன்றைப் பார்க்க வேண்டும். பல காசுகள் பிளாஸ்டிக் அட்டையில் அடைத்து வரும். அட்டையோடு தராசில் வைத்தால் எடை கூடத்தான் செய்யும். அட்டையில் அச்சிட்ட நிகர எடைதான் கணக்குக்கு வரும் எடை. பிறகு விற்கும் எண்ணம் இருந்தால் அட்டையைக் கிழிக்காமல் வைப்பது நல்லது. கிழித்ததைச் சோதித்துத்தான் வாங்குவார்கள்.

விற்கும்போது என்ன ஆகும்? மேலே சொன்ன உதாரணத்தில் 76,384 ரூபாய் 80 காசு கட்டியிருக்கிறோம். செய்கூலியும் ஜிஎஸ்டியும் திரும்பி வராது. காசுக்குரிய அன்றைய தங்க விலையை முழுமையாகத் தரும் கடையாகவே இருந்தாலும், முதல் கைக்கு வர வேண்டுமானால் கட்டிய தொகையை எட்டால் வகுத்தால் வரும் விலை, அதாவது கிராம் 9,548 ரூபாய்க்கு ஏற வேண்டும். விலை ஆறு சதவீதம் ஏறும்வரை லாபம் தொடங்குவதில்லை. வாங்கிய கடை அல்லாத இடத்தில் விற்றால் சிறிது கழித்தும் எடுப்பார்கள். வங்கியில் காசு வாங்கியவர்கள் வங்கியிடமே திரும்ப விற்கலாம் என்று எண்ணக் கூடாது. வங்கிகள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே வாங்கும் நாளிலேயே ரசீதில் நிகர எடை, காரட், அன்றைய கிராம் விலை, செய்கூலி, ஜிஎஸ்டி ஐந்தும் தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஒரு சவரன் காசு, மொத்தம் 76,385’ என்று ஒரே வரியில் எழுதிய ரசீதைத் திருப்பிக் கொடுத்து விவரமாக எழுதித் தரச் சொல்லலாம். எடைக்கும் விலைக்கும் இடையே என்ன நடந்தது என்று அந்த ஒரே வரி காட்டாது.